ஏற்கப்பட்ட வடிவம்

குமரன் விடிவதற்குள் எழுந்துவிடுவான். மோட்டார் போடுவான். தொட்டி நிறையும் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். பால் காய்ச்சி அம்மாவுக்கு ஒரு டம்ளர் டீ, தனக்கு ஒரு டம்ளர். குளித்துத் திருநீறு இட்டுக்கொள்வான். முதல் நாள் மீந்த இட்லி இருந்தால் உதிர்த்துத் தாளித்துச் சாப்பிடுவான். பிறகு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் போட்டுப் பட்டுச் சேலை டிசைன் வேலையைத் தொடங்குவான். பார்டருக்கு அன்னப்பட்சி, முந்தானைக்குக் கோபுரம் என்று கடைக்காரர்கள் கேட்பதைத் திரையில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டி இழையைத் தூக்கும்.

மார்ச் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. இரண்டாவது அன்னத்துக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"குமரன், நான் அனு. காலேஜ் லைப்ரரி. சங்கீதா பேப்பர் விஷயமாப் பேசணும். கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

"என்ன விஷயம்?"

"நீங்க போட்ட ஃபைல் தப்பு. தேதியும் தப்பு. ஒண்ணும் பயப்படாதீங்க, இன்னும் திறக்கல."

சங்கீதா அவன் மனைவி. அந்தக் கல்லூரியிலேயே ஆய்வு செய்து, டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே பாடம் நடத்தினாள். போன ஜூலையில் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகி நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

அனு அவளோடு படித்தவள். இப்போது கல்லூரியின் ஆய்வுக் களஞ்சியம் அவள் பொறுப்பு. ஆசிரியர்கள், மாணவர்களின் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் இடம் அது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். சங்கீதா கடைசியாக எழுதிய கட்டுரையை அதில் சேர்க்கச் சொல்லிக் காரியம் முடிந்த மறு மாதம் கல்லூரியிலிருந்து கேட்டிருந்தார்கள். குமரன்தான் சேர்த்தான். அந்த நாளில் என்ன செய்தான், எதை அழுத்தினான் என்று அவனுக்குச் சரியாக நினைவில்லை.

நூலகத்தில் அனு திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன ஃபைல்?"

"அவ பேப்பர்."

"எங்கிருந்து எடுத்தீங்க?"

"மெயில்ல வந்திருந்தது. ஆய்வுப் பத்திரிகைக்காரங்க அனுப்பினது. எனக்கும் அனுப்பியிருந்தா. இருக்கறதுலயே அதுதான் நல்லா இருந்தது."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. மேலே பத்திரிகையின் சின்னம், பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஓரத்தில் நீலக் கோடு. அவன் தொழிலில் கடைக்குப் போவது நெய்து முடித்த சேலை. கட்டம் போட்ட தாளை யாரும் கண்ணில் காட்டுவதில்லை. செத்துப்போனவளுக்குச் செய்கிற காரியம். முடித்த சரக்கைத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருந்தது.

"இந்தச் சின்னம், பக்க எண், எழுத்து அடுக்கினது எல்லாம் அவங்க வேலை குமரன். அச்சான வடிவம். இதுக்கு உரிமை அவங்களது. சங்கீதா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்குது. நாம எடுத்துப் பொதுவுல வெக்க முடியாது."

"எழுதினது அவதானே?"

"அவதான். அதுக்காகத்தான் ஒண்ணை விட்டு வெச்சிருக்காங்க. பத்திரிகைக்காக ரெண்டு மூணு பேர் படிச்சிட்டுக் குறை சொன்னாங்க இல்ல, அதையெல்லாம் திருத்தி இவ திரும்ப அனுப்பினா. எடிட்டர் 'ஏத்துக்கறோம்'னு சொன்னாரு. அப்ப அவ அனுப்பியிருந்த ஃபைல் எதுவோ, அதை நாம இங்க வெக்கலாம். அவங்க அலங்காரம் எதுவும் இல்லாதது. வெளியாகி பன்னெண்டு மாசம் கழிச்சுத் திறக்கலாம். இந்தப் பத்திரிகையோட விதி அது. வேற பத்திரிகைன்னா ஆறு மாசம் இருக்கும், ரெண்டு வருஷம் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பார்த்துத்தான் போடணும்."

"பன்னெண்டு மாசம் அடுத்த மாசமே முடியுதே?"

"அதான் ரெண்டாவது தப்பு. நீங்க ஏத்துக்கிட்ட தேதியிலேர்ந்து எண்ணிட்டீங்க. அது ஏப்ரல். இணையத்துல வெளியான தேதியிலேர்ந்து எண்ணணும். அது ஜூன். நான் அப்பவே சரிபார்த்திருக்கணும். உங்க முகத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்கல. அது என் தப்பு."

குமரன் திரையையே பார்த்தான். கட்டுரையின் பெயர், அவள் பெயர், சுருக்கம் எல்லாம் யாரும் பார்க்கும்படி இருந்தன. ஃபைலின் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு பூட்டுப் படம். இவ்வளவு நாளாக அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

"எங்க கிட்டயும் இப்படி உண்டு" என்றான். "ஒரு கடைக்கு டிசைன் போட்டுக் கொடுத்தா, தீபாவளி முடியற வரைக்கும் வேற கடைக்கு அதைத் தரக் கூடாது. அப்புறம் தரலாம். சேலை அவங்களது. கட்டம் போட்ட கிராஃப் மட்டும் என்னைக்கும் என்னுது."

"பார்த்தீங்களா, இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆச்சு" என்று அனு சிரித்தாள். "அந்த கிராஃப்தான் வேணும்."

"இல்லன்னா?"

"அச்சானதை எடுத்துடுவேன். பேரும் சுருக்கமும் மட்டும் நிக்கும். படிக்கணும்னா பத்திரிகைக்குப் பணம் கட்டித்தான் படிக்கணும்."

அப்படி ஆனால் கோதண்டபாணியிடம் என்ன சொல்வது என்பதுதான் குமரனுக்கு முதலில் தோன்றியது. ஐயம்பேட்டையில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் அவர். பட்டுக்குச் சிவப்பும் நீலமும் ஏற்றிய பிறகு மிஞ்சும் தண்ணீர் அவருடைய தொட்டியில்தான் விழும். அந்தத் தொட்டியின் அடிச்சேற்றில் தானாக வாழ்ந்துகொண்டிருந்த நுண்ணுயிரைக் கொண்டே தண்ணீரின் சாயத்தைப் போக்க முடியும் என்று சங்கீதா கண்டுபிடித்தாள். ஆய்வேட்டில் இருந்தது ஆய்வுக்கூடத்துக் குடுவைக் கணக்கு. பட்டறையில் நிஜத் தொட்டியில் நடத்திப் பார்த்ததெல்லாம் இந்தக் கட்டுரையில்தான் இருந்தது. எழுதி முடித்ததும் படிக்கத் தருவதாக அவரிடம் அவள் சொல்லியிருந்தாள். மற்றப் பட்டறைக்காரர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவர் மாதம் ஒருமுறையாவது போன் செய்து, "தம்பி, பாப்பா எழுதினது பூட்டைத் தொறந்தாச்சா இல்லையா? கஜானாவா அது?" என்று கேட்பார்.

அவள் முடிக்காமல் விட்டுப் போனது அது ஒன்றுதான்.

"கலாவதி மேடம் கிட்ட இருக்காதா?" என்று கேட்டான். கலாவதி அவளுடைய ஆய்வு நெறியாளர். கட்டுரையிலும் இரண்டாவது பெயர் அவருடையது.

"கேட்டேன். முதல் திருத்தம் மட்டும்தான் இருக்குதாம், மேடமே சிவப்பு மையில கோடு போட்டது. பத்திரிகையோட பேச்சு வார்த்தை எல்லாம் சங்கீதாதான். கடைசித் திருத்தத்தை இவ தன்னோட லேப்டாப்லேர்ந்து ஏத்திட்டு, மேடமுக்கு போன்ல சொல்லியிருக்கா." அனு அவன் பக்கம் திரும்பினாள். "லேப்டாப் இருக்குதா?"

"இருக்குது."

பீரோவின் மேல் இருந்தது, பையோடு. அவன் தொடவில்லை. தொட வேண்டாம் என்று முடிவு எடுக்கவும் இல்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை டீ குடித்த பிறகு அதை இறக்கினான். தூசு தட்டிச் சார்ஜில் போட்டான். அம்மா ரேணுகாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னத்துக்குப்பா இப்ப அது?"

"ஒரு ஃபைல் வேணும்மா."

"மனசு தாங்குமா?"

"ஃபைல்தான்மா."

கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். திரை எழுந்தது. இணையம் சேர்ந்ததும் அவளுடைய மெயில் தானாகத் திறந்து கொட்டத் தொடங்கியது. கல்லூரிச் சுற்றறிக்கைகள், விளம்பரங்கள், எல்லோருக்கும் வருகிற குப்பை. அவற்றுக்கு நடுவில் ஒரே மாதிரித் தலைப்போடு சில மெயில்கள். களஞ்சியத்திலிருந்து வந்தவை. 'பிரதி கேட்டு வேண்டுகோள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

ஒன்றைத் திறந்தான். பங்களாதேஷிலிருந்து ஒரு பெண். அவர்கள் ஊரிலும் தறி உண்டு, சாயப்பட்டறை உண்டு, ஆறு சிவப்பாக ஓடுகிறது, உங்கள் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தேன், முழுதும் கிடைக்குமா என்று எழுதியிருந்தாள். அடுத்தது எத்தியோப்பியா. அடுத்தது துருக்கியில் கம்பளம் நெய்யும் ஊர் ஒன்றிலிருந்து. பிறகு பிரேசில். பிறகு ஈரோட்டில் ஒரு மாணவன். 'மதிப்பிற்குரிய டாக்டர் சங்கீதா' என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கியது. எத்தியோப்பியாக்காரர் இரண்டாம் முறையும் எழுதியிருந்தார். தாங்கள் வேலையாக இருப்பீர்கள், பொறுத்துக்கொள்ளவும் என்று.

குமரன் கீழே இறக்கிக்கொண்டே போனான். வந்துகொண்டே இருந்தன. அவன் ஃபைலைச் சேர்த்த வாரத்திலேயே ஒன்று வந்திருந்தது. தீபாவளியன்று ஒன்று. பொங்கலன்று ஒன்று. இந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லப் பயந்து நடந்த அத்தனை நாளும் எங்கெங்கோ முகம் தெரியாத மனிதர்கள் அவளுடைய பெயரைத் தட்டச்சு செய்து, அவள் பதில் எழுதுவாள் என்று காத்திருந்திருக்கிறார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே இவ்வளவு பேர் நிற்பது அவனுக்குத் தெரியவே இல்லை. கைகள் மேசை மேல் சும்மா கிடந்தன. கோயில் கருவறையில் திரை விலகும்போது சின்ன வயதில் வருமே, மூச்சு நின்று திரும்புகிற மாதிரி ஒன்று, அது வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அது.

"என்னப்பா?" என்றாள் அம்மா.

"நிறைய பேர் கேட்டிருக்காங்கம்மா."

"யாரை?"

"அவளை."

ஃபைலைத் தேடினான். ஒரே கட்டுரைக்குப் பல ஃபைல்கள் இருந்தன. 'கடைசி' என்று ஒன்று, 'கடைசி புதுசு' என்று ஒன்று, 'நிஜமான கடைசி' என்று ஒன்று. பார்த்துச் சிரித்துவிட்டான். ஏற்றுக்கொள்கிறோம் என்று எடிட்டர் அனுப்பிய மெயிலில் கட்டுரைக்கு ஓர் எண் இருந்தது. அதன் முடிவில் ஆர்-2 என்று இருந்தது, இரண்டாம் திருத்தம் என்பதற்கு அடையாளம். அதே எண் போட்ட ஃபைல் தனியே ஒரு ஃபோல்டரில் கிடைத்தது. பத்திரிகைக்கு ஏற்றிய நாளும் ஃபைலின் நாளும் ஒத்துப்போயின.

திறந்தான். அச்சான கட்டுரையின் அழகு எதுவும் அதில் இல்லை. அகலமாக வரி விட்டு எழுதியது. இடது ஓரத்தில் வரி எண்கள் மேலிருந்து கீழ் வரை இறங்கின. அட்டவணைகளும் படங்களும் கடைசியில் தனியாகக் கிடந்தன. அவன் கல்லூரியில் படித்தது வணிகவியல். பாதி புரியவில்லை. ஆனாலும் படித்தான்.

பக்கத்திலேயே, பத்திரிகைக்காகப் படித்துக் கேள்வி கேட்டவர்களுக்கு அவள் எழுதிய பதில்களும் இருந்தன. ஒருவர், மழைக்காலத்தில் இது வேலை செய்யுமா என்று கேட்டிருந்தார். அவள் ஐப்பசி மழையில் பட்டறைக்குப் போய் எடுத்துவந்த தண்ணீர்க் கணக்கைச் சேர்த்திருந்தாள். அந்த மழை குமரனுக்கு நினைவிருந்தது. நனைந்து வந்தாள். சண்டை போட்டான். எதற்குப் போனாள் என்று கேட்கவில்லை. கேட்டவருக்கு அவள் சொன்ன பதில் இதோ வரி எண்ணோடு இருந்தது. எவ்வளவு அமைதியாக, எவ்வளவு பிடிவாதமாக ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டில் தன்னோடு சோறு தின்றவள் இவ்வளவு பெரிய ஆளா என்று அவன் வியந்தான். அவளிடம் அதைச் சொல்ல முடியாமல் போனது அப்போது வலிக்கவில்லை. வியப்புக்கே இடம் போதவில்லை.

அடுத்த நாள் பென் டிரைவோடு அனுவிடம் போனான். கலாவதியும் வந்திருந்தார்.

"ரெண்டு ஃபைல் கொண்டாந்திருக்கேன்" என்றான். "ஒண்ணு நீங்க சொன்ன ஆர்-2. இன்னொண்ணு ப்ரூஃப். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க அனுப்பினதுல அவளே அங்கங்க குறிச்சுத் திருத்தியிருக்கா. இது அவ கை பட்டது. இதைப் போட்டுடலாம்."

"ப்ரூஃப் வேண்டாம்" என்றாள் அனு. "பாருங்க, எழுத்து அடுக்கியாச்சு, சின்னம் வந்தாச்சு. குறிப்பு அவளோடதுன்னாலும் பக்கம் அவங்களது. ஆர்-2தான்."

"ஆர்-2ல ஒரு தப்பு இருக்குது அனு."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மூன்றாம் அட்டவணையைக் காட்டினான். கழிவுத் தண்ணீரைக் காற்றுப் புகாத தொட்டியில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற இடத்தில் ஆர்-2 இருபத்து நான்கு மணி என்றது. ப்ரூஃபில் அவள் அதை அடித்து நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தாள். 42 என்பதை 24 என்று இலக்கம் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டிருக்கிறாள். கட்டங்களோடு வாழ்கிறவன் கண்ணுக்கு ஒரு கட்டம் தவறினாலும் தெரியும்.

"அய்யோ, ஆமாம்" என்றார் கலாவதி. "நாப்பத்திரண்டுதான். இருபத்து நாலு மணியில சிவப்பு அப்படியே நிக்கும். எனக்கும் கண்ணுல படலையே."

"அதான். கோதண்டபாணி அண்ணன் இதைப் பார்த்து இருபத்து நாலுல திறந்து விட்டுட்டா? நான் இதுல மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"கூடாது குமரன்."

"தப்புன்னு தெரிஞ்சும் விடச் சொல்றீங்களா?"

"விடச் சொல்லல. மாத்தக் கூடாதுன்னு சொல்றேன். எடிட்டர் எதை ஏத்துக்கிட்டாரோ அதுன்னு சொல்லித்தான் இதை வெக்கறோம். நாம கை வெச்சா அது அது இல்ல. அவ இருந்து, அவளே மாத்தித் தரேன்னு சொன்னா வேற பேச்சு. அவ இல்ல." அனுவின் குரல் சற்று இறங்கியது. "நல்லதுக்குன்னாலும் அவ எழுதாததை எழுதினதா நாம காட்டக் கூடாது."

குமரன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். அனு பதிவுப் பக்கத்தைத் திறந்து, குறிப்பு என்ற கட்டத்தில் தட்டினாள். இது ஏற்கப்பட்ட வடிவம். அட்டவணை மூன்றில் இருபத்து நான்கு மணி என்பது வெளியான வடிவத்தில் நாற்பத்திரண்டு என்று ஆசிரியரால் திருத்தப்பட்டுள்ளது. மேற்கோள் காட்டுவோர் வெளியான வடிவத்தைக் காட்டவும். கீழே அந்த வெளியான கட்டுரைக்குப் போகும் நிரந்தர இணைப்பு. விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிம வரி. அதையே ஃபைலின் முன்னால் ஒரு தனிப் பக்கமாகவும் சேர்த்தாள்.

"இந்தக் குறிப்பும் பேரும் சுருக்கமும் இப்பவே எல்லாருக்கும் தெரியும். பூட்டு ஃபைலுக்கு மட்டும்தான்" என்றாள். பழைய ஃபைலை எடுத்துவிட்டு ஆர்-2ஐ ஏற்றினாள். திறக்கும் தேதியை ஜூனுக்கு மாற்றினாள். "அன்னைக்கு யாரும் வந்து திறக்க வேண்டியதில்ல. அதுவே திறந்துக்கும்."

"நாம மறந்துட்டாலும்?"

"நாம எல்லாரும் செத்தாலும். மின்சாரம் இருந்தாப் போதும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குமரன் பரவாயில்லை என்று கையைக் காட்டினான். அவனுக்கு அது பிடித்திருந்தது.

மெயில்களைப் பற்றிச் சொன்னான். பிரதி கேட்டவர்களுக்குத் தானே அனுப்பிவிடலாமா என்று கேட்டான்.

"நீங்க ஆசிரியர் இல்லையே" என்றாள் அனு. "தனியாக் கேட்கறவங்களுக்கு எழுதினவங்க கொடுக்கலாம். பூட்டு இருக்கும்போதே கொடுக்கலாம், அதுக்குத்தான் பக்கத்துல 'பிரதி கேட்க'ன்னு ஒரு பட்டன். மேடம் ரெண்டாவது ஆசிரியர். மேடம் அனுப்பட்டும்."

கலாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அனுப்பறேன். அவளைப் பத்தியும் நானே சொல்லிடறேன். கோதண்டபாணிக்கும் ஒண்ணு அனுப்பட்டுமா?"

குமரன் யோசித்தான். "அவர்கிட்ட கேட்கறேன் மேடம்."

கோதண்டபாணி போனில் சொன்னார்: "எனக்கு மட்டும் ரகசியமாக் கொடுத்தா பக்கத்துப் பட்டறைக்காரன் நம்பமாட்டான் தம்பி. ஊருக்கே தொறக்கற அன்னைக்குக் கொண்டா. இத்தினி நாள் பொறுத்துக்கினேன். சாயம் ஏறப் பொறுக்கறவன், இதுக்குப் பொறுக்கமாட்டேனா?"

ஜூனில் அந்த நாள் வந்தது. குமரன் வழக்கம்போல எழுந்து, மோட்டார் போட்டு, டீ குடித்துவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்தான். பூட்டுப் படம் இல்லை. யாரும் தொடவில்லை, அது தானாகப் போயிருந்தது. பெயரை அழுத்தினான். முன்பக்கம் வந்தது. பின்னால் அவளுடைய வரி எண்கள், ஒன்றிலிருந்து இறங்கின. இந்த நிமிஷத்தில் துருக்கியிலும் பிரேசிலிலும் இதே வரிகள் திறந்துதான் இருக்கின்றன என்று நினைத்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை. திரையின் முன் கைகூப்பினாள்.

தெருமுனைக் கடையில் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினான்.

பட்டறையில் கோதண்டபாணி முழங்கை வரை சிவப்போடு நின்றிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தாளை ஓரத்தில் பிடித்து வாங்கினார். முன்பக்கக் குறிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். நாற்பத்திரண்டு என்ற எண்ணில் விரலை வைத்தார்.

"சரிதான். பாப்பா என்கிட்ட சொன்னதும் இதேதான். ரெண்டு ராத்திரி நிறுத்துங்கண்ணான்னு சொல்லும். என் பட்டறை பேர் இருக்குதா?"

"பட்டறை பேர் போடல. 'பட்டறை ஏ'ன்னு இருக்குது."

"முப்பது வருஷமா பட்டறை நடத்தறேன், என் பேரு ஏ-வா?" என்றவர், கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில் தன் பெயர் முழுதாக இருப்பதைக் குமரன் காட்டியதும் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். அந்த வரியை மறுபடி பார்த்தார். பிறகு, "வா" என்று பின்பக்கம் அழைத்துப் போனார்.

முதல் தொட்டியில் தண்ணீர் குங்குமம் கரைத்தது போல இருந்தது. இரண்டாவது மூடி போட்டது. மூன்றாவதில் காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதன் கடைசியில் சின்னக் குழாய். கோதண்டபாணி அதைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். லேசான மஞ்சள். அவ்வளவுதான். டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரம் தெரிந்தது.

குமரன் இங்கே வந்ததே இல்லை. படித்ததெல்லாம் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருட்டில் உட்கார்ந்து சிவப்பைத் தின்றுகொண்டே இருக்கிறது, அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"பக்கத்துப் பட்டறை தினகரனுக்கு இன்னைக்கே காட்டறேன்" என்றார் கோதண்டபாணி. "சும்மா என்கிட்ட வாயடிச்சுக்கினு இருந்தான், பேப்பரைக் காட்டு நம்பறேன்னு." பிறகு டம்ளரைத் தொட்டிச் சுவர் மேல் வைத்தார். "நல்ல பொண்ணு தம்பி. போகும்போதும் உன் நெனப்புதானாமே. 'அவரைப் பார்த்துக்குங்க அத்தை'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடிச்சுன்னு உங்க அம்மா சொன்னாங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கினு இருக்காங்க."

அம்மா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். குமரனும் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அது அவனுக்கே நடந்தது போல ஆகிவிட்டது.

"அவ அப்படிச் சொல்லலண்ணா" என்றான்.

"என்னது?"

"அம்மா அப்ப பக்கத்துலயே இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில ஐசியூக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி."

கோதண்டபாணி குழாயை மூட மறந்துவிட்டிருந்தார். தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள் இங்கிருந்து சேறு எடுத்துக்கினு வந்தா இல்ல, பாட்டில்ல. அதைப் பத்திச் சொன்னா."

"என்ன சொல்லிச்சு?"

குமரன் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் அவள் சொன்னபடியே சொன்னான்.

"'பாட்டிலை ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வை. மேல வெச்சா உறைஞ்சி செத்துடும்.'"